ஓலைப் பெட்டி தீர்ந்துபோனால் என்ன எழுதுவது?

கேள்வி: பழவேற்காட்டில் எங்கள் மகளிர் குழு பனை ஓலைப் பெட்டி முடைகிறது. கொலுவுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சென்னைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மூடி போட்ட சிறிய பெட்டி நவராத்திரிக்கு முன்பே தீர்ந்துவிடும். "இனி கிடைக்கவே கிடைக்காது, கடைசி ஐந்து மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறான் தம்பி மகன். போடலாமா?

பதில்: வேண்டாம். பொய் பாவம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் சரக்குக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. பழவேற்காட்டு முஸ்லிம் வீட்டுப் பெண்கள் கையில் முடைந்துவரும் இந்தப் பெட்டி, உண்மையாகவே கேட்டவுடன் கிடைக்காத பொருள். முற்றிய பச்சை ஓலை இதற்கு உதவாது, விரியாத குருத்தோலைதான் வேண்டும். ஒரு பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். அவசரம் என்று குருத்தை வெட்டிக்கொண்டே போனால் மரம் நலிந்துவிடும். வெட்டிய குருத்தை வெளுக்கும்வரை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, மறுபடி உலர்த்திய பிறகுதான் கை முடையத் தொடங்கும். இவ்வளவுக்கும் வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். 2026இல் நவராத்திரி அக்டோபர் 11 அன்றும் தீபாவளி நவம்பர் 8 அன்றும் வருகின்றன. பெட்டியை ஊர் அதிகம் கேட்கிற மாதமும் ஓலை காய மறுக்கிற மாதமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை அப்படியே எழுதினாலே படிப்பவர் நின்று படிப்பார், ஏனென்றால் அவருக்கு இது தெரியாது. "கடைசி ஐந்து" என்பதை அவர் செருப்புக் கடையிலும் பார்த்திருக்கிறார்.

எழுதுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். குழுவில் எட்டுப் பேர், வீட்டு வேலைக்கு நடுவில் ஆளுக்கு நாளைக்கு நான்கு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 32, ஐந்து நாளில் 160. செப்டம்பர் 21 அன்று கையிருப்பு தீர்கிறது. ஓலை காய நான்கு நாள், சாயத்துக்கும் மறு உலர்வுக்கும் இரண்டு நாள், முடைய ஐந்து நாள் என்றால் அக்டோபர் 3 வாக்கில் பெட்டி தயார். ஆனால் அறிவிப்பில் அக்டோபர் 3 என்று எழுதக் கூடாது. நடுவில் ஒரு மழை வந்தாலும் தேதி பொய்த்துவிடும். ஆகவே இப்படிப் போடுங்கள்: "மூடி போட்ட சிறிய பெட்டி தீர்ந்துவிட்டது. புதுக் குருத்தோலை காய்கிறது. அக்டோபர் 5 முதல் 7க்குள் 160 பெட்டி வரும், கொலுவுக்குக் கிடைக்கும். மழை பெய்தால் தள்ளிப்போகும், 1ஆம் தேதி உறுதியாகச் சொல்கிறோம். பெயர் பதிந்துகொள்ளலாம், முன்பணம் வேண்டாம். மூடியில்லாத தட்டு இப்போதும் இருக்கிறது." எது தீர்ந்தது, ஏன், எப்போது வரும், எத்தனை வரும், எந்தப் பண்டிகைக்கு உதவும், அதுவரை வேறு என்ன இருக்கிறது என்பதெல்லாம் இதற்குள் வந்துவிட்டன. இதில் மிக முக்கியமானது எந்தப் பண்டிகைக்கு உதவும் என்ற வரி. "விரைவில்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தவருக்கு விஜயதசமி முடிந்து பெட்டி போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆண்டு அவர் உங்களைத் தேடமாட்டார்.

கேள்வி: ஆனால் பயம் காட்டினால்தானே விற்கிறது? பெரிய ஆன்லைன் கடைகள் எல்லாம் அதைத்தானே செய்கின்றன?

பதில்: விற்கிறது என்பது உண்மைதான். 1975இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஜாடியில் பத்து பிஸ்கட் இருந்தபோது சுவைத்தவர்களைவிட, இரண்டே இருந்தபோது சுவைத்தவர்கள் அதை அதிகம் விரும்பினார்கள். மற்றவர்கள் வாங்கியதால் குறைந்தது என்று தெரிந்தபோது விருப்பம் இன்னும் கூடியது. இதைக் காட்டிப் பொய்க்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. எனக்கு அது எதிர்ப்பக்கமாகவே படுகிறது. பலர் கேட்டதால் தீர்ந்தது என்பது உங்களிடம் ஏற்கெனவே உண்மையாக இருக்கிறதே! அதைச் சொன்னாலே போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஆய்வில் பிஸ்கட் தின்றவர் அடுத்த வருடம் திரும்பி வரப்போவதில்லை. கொலு வைப்பவரோ ஆண்டுதோறும் வைப்பவர், அக்கம்பக்கத்துக்குச் சொல்பவர். "கடைசி ஐந்து" வாங்கிய இருவர் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளும் இடத்தில் சந்தித்தால், அந்த ஐந்து எத்தனை ஐந்து என்பது தெரிந்துபோகும்.

சட்டமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. முதலில் நிற்பதே போலி அவசரம். இருப்பதைவிடக் குறைவாகச் சரக்கு இருப்பதாகச் சொல்வது அதில் நேரடியாக வருகிறது. பெரிய கடைகள் செய்கின்றன என்பது நீங்களும் செய்வதற்குக் காரணமாகாது. அவர்களுக்கு நாளைக்கு ஆயிரம் புது முகம் வரும், உங்களுக்கு வருவது தெரிந்த முகங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் ஆகும் என்று உண்மையைச் சொன்னால் அவர்கள் வேறு இடம் போய்விட மாட்டார்களா?

பதில்: சிலர் போவார்கள். நாளை மறுநாள் விசேஷம் உள்ளவரை எந்த அறிவிப்பாலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அவருக்குத் தட்டைக் காட்டுங்கள், இல்லையென்றால் வேறு குழுவைக் கை காட்டுங்கள். காத்திருக்கக் கூடியவரை வைத்துக்கொள்வது வரிசைதான். உங்கள் ஏரியில் இதற்கு ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. இறால் படும் இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று குப்பத்து மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பாடு முறை. தன் முறை என்றைக்கு என்று தெரிந்தவர் கரையில் பொறுமையாக இருப்பார். அதற்குள் இடம்பெறாதவர்களுக்கு அதில் மனக்குறை உண்டு என்பதும் தெரிந்ததே. ஆகவே உங்கள் வரிசையை இறுக்கமாக மூடிவிடாதீர்கள். 160இல் 120 பதிந்தவர்களுக்கு, 40 புதிதாக வருபவர்களுக்கு. ஒருவருக்கு இத்தனைதான் என்று மேல் எல்லை வையுங்கள். இல்லையென்றால் ஒரே கல்யாண வீடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பதிந்தவர் இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு. காத்திருப்பவருக்கு நடுவில் இரண்டே செய்தி போதும். சாயம் ஏறிய ஓலையின் படம் ஒன்று, தேதி உறுதியானதும் ஒன்று. தினமும் அனுப்பினால் உங்கள் எண்ணைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள்.

சொன்ன தேதியைக் காப்பாற்ற ஈர ஓலையில் முடைந்துவிடும் ஆசை வரும். அங்கேதான் குழு கெடுகிறது. ஈர ஓலை காயக் காயச் சுருங்கும், பின்னல் இளகி மூடி ஆடும், மூன்றாம் நாள் உள்பக்கம் கரும்புள்ளி பூக்கும். மூடிய பெட்டியை ஓர் இரவு வைத்துக் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். புழுக்க வாடை அடித்தால் அந்த அடுக்கை அனுப்பாதீர்கள். "மழையால் ஓலை காயவில்லை, 160க்குப் பதில் 90தான், வரிசையில் முதல் 90 பெட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு இன்று சொல்கிறோம், மற்றவர்களுக்குத் தீபாவளிக்கு" என்று அன்றே எழுதிவிடுங்கள். தீபாவளிக்கான குருத்தை அக்டோபர் 20க்கு முன்பே காயவைத்துக் கட்டிவிட்டால் அந்தச் சொல்லையாவது காப்பாற்றலாம். தீபாவளி கழிந்து 30 பெட்டி மிஞ்சினால் அதையும் எழுதுங்கள்: "30 இருக்கிறது, அதே விலை, கார்த்திகைக்கு வேண்டுவோர் கேட்கலாம்."