உருக்காத நகைக்கு உருக்குச் சேதம்

உலகில் இரண்டு வகைத் தங்கம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அது கடைக்காரர் தங்கம். அதன் பெயர் 916. நம் கைப்பையிலிருந்து வெளியே வந்தால் அது நம் தங்கம். அதன் பெயர் 'பார்க்கணும்மா'.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையாகட்டும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையாகட்டும், இந்த ஞானஸ்நானம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. வாங்க வரும்போது குளிர்பானம் வரும். மாற்ற வரும்போது முதலில் பெருமூச்சு வரும். நகையைத் திருப்பிப் பார்ப்பார்கள். உரைகல்லில் ஒரு கோடு. இயந்திரத்தில் ஒரு நிமிடம். பிறகு ஒரு துக்கச் செய்தி: "89தான் காட்டுது அக்கா."

சரி, 89 என்றே இருக்கட்டும். அதில் பொய் இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய கைவேலை நகையில் பற்றவைத்த இடங்கள் நிறைய. பற்றாசில் தங்கம் குறைவு. கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருக்கும், குண்டுக்குள் அரக்கு இருக்கும், கல் இருக்கும், இருபது வருட வியர்வையும் சந்தனமும் இருக்கும். இவற்றைக் கழிக்கட்டும். ஒருவரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சங்கிலியில் 916 முத்திரை குத்தி, 916 விலை வாங்கி, தாம்பூலப் பை கொடுத்து வழியனுப்பியது யார்? பல நேரம் அதே கடைதான். அன்று விற்ற கடைக்கு அது 916. இன்று வாங்கும் கடைக்கு அது 89. நடுவில் கெட்டுப்போனது தங்கமா?

கணக்குக்கு வருவோம். 5 பவுன் சங்கிலி, 40 கிராம். 916 தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்று எளிதாக வைத்துக்கொள்வோம். மதிப்பு 20,000. கொக்கிச் சுருளுக்கும் அழுக்குக்கும் 0.4 கிராம் போகட்டும். மிச்சம் 39.6. தரம் 89.

இங்கேதான் முதல் கத்தி. "89 என்றால் 11 விழுக்காடு கழிவு" என்கிறார்கள். 39.6 கிராம் 35.24 ஆகிறது. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆனால் அந்த 500 ரிங்கிட் எதன் விலை? ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கமும் மீதி செம்பும் வெள்ளியும் கலந்த உலோகத்தின் விலை. செம்புக்கான கழிவு அந்த விலைக்குள்ளேயே முடிந்துவிட்டது. குறைய வேண்டியது 91.6-க்கும் 89-க்கும் உள்ள இடைவெளி மட்டும். 39.6-ஐ 89-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுத்தால் 38.48 கிராம் வரும். 11 விழுக்காடு கழிக்கவேண்டுமானால் 999 தங்கத்தின் விலையைப் போடவேண்டும். விலைக்கு 916, கழிவுக்கு 999. இந்த ஒரே வரியில் 1,600 ரிங்கிட்டுக்கு மேல் காணாமல் போகிறது. ஒரு தோட்டத்துப் பாட்டி சீட்டுப் பிடித்துச் சேர்த்த நகை என்றால், எத்தனை மாதச் சீட்டு என்று அவரே சொல்வார்.

அடுத்தது உருக்குச் சேதம். 3 விழுக்காடு. தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். 22 காரட் அதற்கும் முன்னாலேயே உருகிவிடும். ஆவியாக வேண்டுமென்றால் 2,800 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். எந்தக் கடையின் பின்கட்டிலும் அந்த நரகம் கிடையாது. உருக்கும்போது எரிந்துபோவது அழுக்கும் அரக்கும் செம்பில் கொஞ்சமும்தான். சுத்தம் செய்த நகையில் கால், அரை விழுக்காட்டுக்கு மேல் போக வழியில்லை. அந்த அழுக்குக்குத்தான் ஏற்கனவே 0.4 கிராம் வெட்டியாயிற்றே! ஒரே அழுக்கு இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் நம் செலவில் கருமாதி வாங்குகிறது.

இன்னொன்று. கடைக்காரர் உண்மையாகவே உருக்கினாரா? நல்ல நிலையில் இருக்கும் பழைய நகைக்கு மெருகு போட்டு, பழைய நகை என்றே விற்கும் வியாபாரம் இந்த ஊரில் பகிரங்கமாக நடக்கிறது. தப்பில்லை. நெருப்பையே பார்க்காத அந்த வளையலுக்கு நாம் உருக்குச் சேதம் கட்டியிருக்கிறோம் என்பதுதான் நெஞ்செரிச்சல்.

கணக்கை முடிப்போம். 35.24-இல் 3 விழுக்காடு போனால் 34.19 கிராம். கடை வாங்கும் விலை 500 இல்லை, 480. கைக்கு வருவது சுமார் 16,410. 20,000 ரிங்கிட் நகை கண்ணாடிப் பலகையைத் தாண்டுவதற்குள் 3,590 இளைத்துவிட்டது. காசாகக் கேட்டால் இன்னும் இளைக்கும். புதிதாக வாங்கினால்தான் இந்த 'நல்ல விலை'.

வாங்குகிறோம். அதே 40 கிராம் சங்கிலி. 20,000. சேதாரம் 10 விழுக்காடு, 2,000. செய்கூலி தனி. ஆக 40 கிராம் கொடுத்து 40 கிராம் எடுத்துவர, செய்கூலி போக 5,590 ரிங்கிட் கையிலிருந்து வைக்க வேண்டும். இந்தச் சேதாரம் என்ன? செய்யும்போது அரத்தில் உதிரும் தங்கமாம். பட்டறைக்காரர் அந்தத் தூளைக் காற்றில் விடுகிறாரா? மேசைக்கு அடியில் தோல் கட்டிப் பிடிக்கிறார். தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எரித்துத் தங்கம் எடுக்கிறார்கள். இன்று பாதி நகை இயந்திரத்தில் அச்சாகி வருகிறது. அதற்கும் சேதாரம். செய்யும்போதும் தொலைகிறது, உருக்கும்போதும் தொலைகிறது. தொலைந்த தங்கம் இரண்டு முறையும் கடையைவிட்டு வெளியே போகவே இல்லை. விந்தையான திருட்டு. திருடனும் வீட்டுக்காரனும் ஒரே கல்லாவில்.

அரசாங்கம்? தெருவுக்கு அலங்காரம் செய்திருக்கிறது. 2010-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கூடி பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். 2015-இல் மறுபடியும் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து தோரண வாயிலைத் திறந்தார்கள். தோரணத்துக்குக் கீழே விற்கும் தங்கத்துக்கு, விற்பவரைச் சாராத ஒரு கூடம் சோதித்து முத்திரை போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் வரவில்லை. வாயிலை அனுப்பிய இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடை விற்க முடியாது. வாயில் வந்துவிட்டது. எண் வரவில்லை.

ஆகவே நம் பாட்டை நாமே பார்க்கவேண்டும். விலை பேசி முடியாமல் நகையை உருக்க விடாதீர்கள். உருகிய பிறகு எழுந்து போகும் சுதந்திரம் கிடையாது, மேசையில் இருப்பது ஒரு மஞ்சள் பொட்டுதான். இயந்திரம் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும், முலாம் பூசியிருந்தால் அதையே தங்கத் தரமாகச் சொல்லும். மூன்று நான்கு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், திரை உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். கல்லைக் கழற்றினால் கல்லைத் திருப்பிக் கேளுங்கள். எடைக்கு அவர்கள் கழிக்கும் கல், உங்கள் கல். விலை சொன்னதும், 916 விலையா 999 விலையா என்று கேளுங்கள். முகம் மாறுவதை வைத்தே பாதி விடை தெரியும். பிறகு இன்னொரு கடைக்கு நடங்கள். அடுத்த கடை பத்தடியில்தான் இருக்கிறது.

முக்கியமாக ரசீது. 'பழைய தங்கம் – 16,410' என்று ஒற்றை வரி எழுதித் தருவார்கள். எடை, தரம், கழிவு, கிராம் விலை என்று நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் நகையைக் கழற்றாதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப்போட 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஒற்றை வரி ரசீதை வைத்துக்கொண்டு அங்கே எதை நிரூபிப்பீர்கள்?