ஒரு 'தி' செய்யும் வேலை

கேள்வி: ஆங்கில அறிக்கையில் 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'ஆர்', 'தி நம்பர் ஆஃப்' என்றால் 'இஸ்'. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: முன்னதில் 'நம்பர்' என்பது 'பல' என்ற சொல்லின் மாறுவேடம். 'எ நம்பர் ஆஃப் பம்ப்ஸ் ஆர் லீக்கிங்' என்றால் ஒழுகுபவை பம்புகள். 'தி நம்பர் ஆஃப் பம்ப்ஸ் இஸ் ஃபார்ட்டி' என்றால் நாற்பது என்பது எண்ணிக்கை; அது ஒருமைதான். எண்ணிக்கை எங்காவது ஒழுகுமா?

அப்படியானால் சதவீதமும் ஒருமைதானே என்பீர்கள். இல்லை, அங்கே 'ஆஃப்'புக்குப் பின்னால் நிற்பவர்தான் முதலாளி: முப்பது சதவீதத் தண்ணீருக்கு 'இஸ்', முப்பது சதவீதப் பம்புகளுக்கு 'ஆர்'. ஆனால் அளவைச் சொல்லும்போது பன்மைக்கும் 'இஸ்' வரும்: 'ஃபிஃப்ட்டி லிட்டர்ஸ் இஸ் இனஃப்' என்பதில் ஐம்பது லிட்டரும் சேர்ந்து ஒரே அளவு.

சிரிக்காதீர்கள், 'பம்புகளின் எண்ணிக்கை குறைந்துள்ளன' என்று நம் அறிக்கைகளிலும் எழுதுகிறோம். குறைந்தது எண்ணிக்கை, எனவே 'குறைந்துள்ளது'.