பிழையும் பிழைப்பும்

கே: கட்டுரையை நானே எழுதினேன், கண்டறியும் மென்பொருளோ ‘இயந்திரம் எழுதியது’ என்கிறது! சில பிழைகளைச் செய்து பிழைத்துக்கொள்ளலாமா?

ப: அடுத்த சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதா என்பதையே பெரும்பாலும் அளக்கும் அத்தகைய மென்பொருள், தெளிந்த நடையையும் சந்தேகிக்கும். சாட்ஜிபிடியைப் படைத்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அத்தகைய மென்பொருளுக்கு அஞ்சி, ‘ஆகையால்’ என்று காரணத்தையும் காரியத்தையும் பிணைத்த சொல்லை வெட்டி, ‘மாணவர்கள் வந்தனர்’ என்பதை ‘வந்தான்’ என்று குலைத்தீரானால், சந்தேகச் சதவிகிதம் இறங்குமோ இறங்காதோ, தர்க்கத்துக்கும் இலக்கணத்துக்கும் உரிய மதிப்பெண் நிச்சயம் இறங்கும்.

பிழையால் பிழைக்கப் பழகிய கை, பிறகு பிழையின்றி எழுத மறந்துவிடும். முதற்பிரதியையும் திருத்திய பிரதிகளையும் தேதிவாரியாக ஆசிரியரிடம் காட்டுக. அவையே உமக்குச் சாட்சி.