வெள்ளிக்கிழமை வணக்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை பதில்

மதுரையில் இருக்கும் கல்லூரிக் காலத்துக் கூட்டாளி வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்புகிறான்: 'மாப்ள, எப்படிடா இருக்க?' ஆயக்குடியில் இருக்கும் நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், சந்தோஷப்படுகிறீர்கள், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பதில் போடலாம் என்று போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நிதானம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பதறவேண்டாம். முதலில் செய்யவேண்டியது மன்னிப்புக் கேட்பதல்ல, உங்களுக்கு எதிராக என்னென்ன சாட்சியங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. அதைப் பார்க்காமல் பொய் சொல்லப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்லேண்டு லெட்டர் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கடிதம் போய்ச் சேர்ந்ததா, பிரித்துப் படித்தார்களா என்பது அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. தாமதம் என்றால் பழி தபால் இலாகாவுக்குப் போகும், அவர்களும் மறுக்கமாட்டார்கள். 2014 நவம்பரில் வாட்ஸப் நீல டிக்கைக் கொண்டுவந்ததும் தபால் இலாகாவின் மேல் போட்ட பழியெல்லாம் நம் தலையில் வந்து விழுந்தது. ஒரு சாம்பல் டிக் என்றால் அவன் போனைவிட்டுக் கிளம்பியது. இரண்டு என்றால் உங்கள் போனுக்கு வந்தது. இரண்டும் நீலம் என்றால் நீங்கள் அதைத் திறந்தீர்கள். இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அனுப்பியவன் தன் செய்தியை விரலால் அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால், நீங்கள் படித்த நாளும் மணியும் அங்கே இருக்கும் என்பது. 'இப்பத்தான் பார்த்தேன்' என்று செவ்வாய்க்கிழமை எழுதுகிறவரின் பெயருக்கு நேரே வெள்ளி, இரவு 9.42 என்று இருந்தால் அப்புறம் என்ன பேச்சு?

இரண்டு தப்பு வழிகளையும் இங்கேயே அடைத்துவிடுகிறேன். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுப் படித்தால் டிக் விழாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. நெட்டை ஆன் செய்ததும் விழும், விழுவது தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். செய்தியைப் 'படிக்காதது' என்று குறித்து வைக்கும் வசதியும் இருக்கிறது. அது உங்கள் பட்டியலில் பச்சைப் புள்ளி வைக்குமே தவிர, அவன் பக்கத்தில் விழுந்த நீலத்தை அழிக்காது. ஞாபகத்துக்கு நல்லது, தடயத்தை மறைக்க உதவாது.

டிக்கையே அணைத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கவேண்டாம். தனிப்பேச்சுக்கு மட்டும்தான் அந்தக் கவசம், குரூப்பில் வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை முதல் கல்லூரி நண்பர்கள் குரூப்பில் மூன்று மீம், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, கிரிக்கெட்டைப் பற்றி ஒரு பெரிய சண்டை என்று நீங்கள் உலாவியதை அதே கூட்டாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இனி நம்முடைய வழக்கில் இருக்கும் பெரிய சாட்சியத்துக்கு வருவோம். ஆயக்குடிக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வரும் 'எப்படி இருக்க'வுக்குப் பின்னால் பெரும்பாலும் பழனி இருக்கும். பழனிக்குப் பக்கத்து ஊர் என்ற பாவத்துக்கு, தைப்பூசமும் பங்குனி உத்திரமும் நெருங்கும்போது நம் உடல்நலத்தில் ஊர் உலகத்துக்கே அக்கறை வந்துவிடும். இந்தக் கூட்டாளியும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறான். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் தாண்டி, உங்கள் ஊர் வழியாகத்தான் வண்டி போயிருக்கிறது. ரோட்டோரக் கடையில் நிறுத்திக் கொய்யா வாங்கி, மகள் கையில் ஒரு பழத்தைக் கொடுத்துப் படமெடுத்து, 'ஆயக்குடி கொய்யா' என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். அதற்குள் அதைப் பார்த்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறது. அவன் உங்கள் ஊரில் நின்று, உங்கள் தோட்டத்தில் காய்க்கும் பழத்தைக் காசு கொடுத்து வாங்குவதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். நாலு நாள் தாமதத்தை விடுங்கள். அவன் மனதில் தைத்திருக்கக்கூடியது இதுதான்.

அடுத்து, சாக்கு. சாக்கு சொல்லியே தீருவேன் என்பவர்களுக்கு இந்த வட்டாரத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்கவேண்டும். பழனி மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2023 அக்டோபர் 1 முதல் தடை, போனை அடிவாரத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். அருமையான சாக்கு, சாமி பெயரும் சேர்ந்துவரும், எவனும் எதிர்க் கேள்வி கேட்கமாட்டான். ஆனால் எவ்வளவு கூட்டமானாலும் அன்றைக்கே கீழே இறங்கிவிடுவீர்கள். நாலு நாள் மலைமேல் இருப்பது முருகன் மட்டும்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் டவர் இல்லை என்பது சில மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு இல்லை என்பதும் காலை முதல் சாயங்காலம் வரைதான், அதுவும் எந்தெந்த ஊர் என்று பேப்பரிலேயே போட்டுவிடுகிறார்கள்.

நீண்ட நாள் தாங்கும் சாக்கு ஒன்று இருக்கிறது: 'டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சுட்டு இருக்கேன்.' மரத்தடியில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் மையத்தால் ஆயக்குடிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல், எந்த குரூப் என்று கேட்பான். குரூப் 4 என்பீர்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மறக்காமல் விசாரிப்பான். ஒரு வணக்கத்துக்குப் பதில் போடாததை மறைக்க அரசு வேலை வாங்கிக் காட்டவேண்டிய நிலைமை வந்துவிடும்.

எனவே சாக்கு வேண்டாம் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. ஒழுக்கம் கருதி அல்ல, கட்டுப்படியாகாது என்பதால்.

பதிலை எழுதும்போது வாட்ஸப்பில் அவன் பெயருக்குக் கீழேயே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். நீங்கள் தட்டத் தட்ட அவன் திரையில் 'டைப்பிங்' என்று ஓடும். பத்து நிமிடம் அதை ஓடவிட்டு, கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பினால், அடுத்த வணக்கம் உங்களுக்கு வராது. நோட்பேடிலோ, உங்கள் நம்பருக்கே அனுப்பியோ எழுதிப் பார்த்துவிட்டு எடுத்து ஒட்டுங்கள்.

பெரும்பாலானவர்கள் எழுதும் முதல் வரைவு இப்படி இருக்கும்: 'மாப்ள மன்னிச்சுக்கடா, போன வாரம் பூரா ஒரே அலைச்சல், தோட்டத்துல ஆள் இல்ல, அம்மாவுக்கு மூட்டு வலி, பைக் வேற ரிப்பேர், உன்ன மறக்கலடா, நீ தப்பா எடுத்துக்காத...' இதைப் படிப்பவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவன் கேட்டது ஒரே கேள்வி. இப்போது அவன் உங்கள் அம்மாவின் மூட்டு வலியை விசாரிக்கவேண்டும், பைக்குக்கு வருத்தப்படவேண்டும், 'பரவால்லடா' என்று மூன்று தடவை உங்களைத் தேற்றவேண்டும். தாமதம் செய்தது நீங்கள், வேலை அவனுக்கு. மன்னிப்பு ஒரு வரியைத் தாண்டினால் அது புது வேலையைக் கொண்டுவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரைவு இதற்கு நேர் எதிர். 'நல்லா இருக்கேன்டா, நீ?' நாலு நாளும் நடக்காததுபோல. மறுநாளே போட்டிருந்தால் இது போதும். செங்காயாகப் பறித்த கொய்யாவுக்கும் மூன்றாம் நாள் கூடையில் கிடக்கிற கொய்யாவுக்கும் ஒரே விலை சொன்னால் எந்த வியாபாரி வாங்குவான்? அதோடு, இப்படி எழுதினால் ஸ்டேட்டஸ் பார்த்த விஷயம் நடுவில் கிடந்து நாறும். நீங்கள் சொல்லாதவரை அவனும் சொல்லமாட்டான்.

மூன்றாவது, இதுதான் போகவேண்டியது:

'மாப்ள, வெள்ளிக்கிழமையே பார்த்தேன்டா, அப்புறம் போடலாம்னு விட்டுட்டேன், தப்புதான். நல்லா இருக்கேன். ஞாயித்துக்கிழமை பாப்பா கொய்யா கடிக்கிற போட்டோ பார்த்தேன், வளந்துட்டாளே. கிலோ என்ன விலைக்குடா குடுத்தாங்க?'

எப்போது பார்த்தீர்கள் என்று இதில் முதலிலேயே இருப்பதால், அவன் தகவலைத் திறந்து பார்த்தாலும் கணக்கு ஒத்துப்போகும். மன்னிப்பு ஒரே சொல்லில் முடிகிறது. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. தாமதப் பதில்களில் முக்கால்வாசி இதை மறந்துவிடுகின்றன என்பது ஆச்சரியம். எல்லாவற்றையும்விட அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அவன் உங்களுக்கு அனுப்பிய 'எப்படி இருக்க' நாலு நாள் கிடந்ததற்கு ஒரு காரணம், அது பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. எங்கிருந்து ஆரம்பிப்பது? உடம்பா, கடனா, மகன் மார்க்கா? அதையே அவனுக்குத் திருப்பிப் போட்டால் அதுவும் நாலு நாள் கிடக்கும். கொய்யா விலைக்கு ஒரு எண் போதும், பஸ்ஸில் நின்றுகொண்டே போடலாம். எவ்வளவு சொன்னாலும் 'ஏமாத்திட்டாங்கடா' என்று நீங்கள் சொல்லலாம், பேச்சு கிளம்பிவிடும். 'அடுத்த தடவை தோட்டத்துக்கே வா' என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முதல் செய்தியிலேயே சொன்னால் பிராயச்சித்தம் மாதிரி தெரியும்.

நேரமும் பார்க்கவேண்டும். ராத்திரி 12 மணிக்கு அனுப்பினால் குற்ற உணர்ச்சியில் தூக்கம் வராமல் அனுப்பியதாகத் தோன்றும். காலை எட்டு மணிக்கு அவன் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பான். சாயங்காலம் டீ நேரம் உத்தமம். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். தாமதமாகப் பேசுகிறவர்கள் எல்லாருமே மூன்று நிமிடம் பேசிவிடுகிறார்கள். போன் போடலாமே என்பீர்கள். எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் ஒரு மிஸ்டு கால் அவன் தலையில் ஏறும், அவன் அதைத் திரும்பக் கூப்பிட மறந்து, பிறகு அவன் ஒரு வழிகாட்டி தேடவேண்டியிருக்கும்.

அனுப்பியபின் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்காக எல்லாருக்கும் அழிப்பது என்பதைத் தொடவேகூடாது. செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி அங்கேயே நிற்கும். நாலு நாள் கழித்து வந்து, வந்ததையும் அழித்துவிட்டுப் போனவனை நண்பர்கள் பல வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அனுப்பியாயிற்று. இப்போது போனைக் கீழே வைக்காதீர்கள், இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் தாமதம் நாலு நாள், அவன் பதில் நாற்பது நொடியில் வரலாம். 'கிலோ 80டா' என்று வரும். வந்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கும், சரி, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போடலாம் என்று தோன்றும். கூடாது. குறைந்தது இரண்டு சுற்று உடனுக்குடன் போகவேண்டும்.

அவன் பதிலே போடாமல் நீலத்தோடு நின்றுவிட்டால்? அவனுக்கு நாலு நாள் உரிமை இருக்கிறது. அதற்குள் கேள்விக்குறி அனுப்புவது, குரூப்பில் போய் 'சிலபேர் பதிலே போடமாட்டேங்கிறாங்க' என்று பொதுவாக வருத்தப்படுவது எல்லாம் முறையில்லை. ஆறாம் நாள் வேண்டுமானால் நீங்களே ஒரு ஸ்டேட்டஸ் வையுங்கள், தோட்டத்தில் கொய்யாவைப் பெட்டியில் அடுக்குகிற படமாகப் பார்த்து. பார்த்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தால், சாயங்காலம் டீ நேரத்தில் கூப்பிட்டு எத்தனை பெட்டி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.