ஆறு பந்தில் 96 ரன்னா?

கேள்வி: ஒரு ஓவர் கிரிக்கெட் கேமில் சிலர் தங்கள் போனிலேயே ஸ்கோரைத் திருத்திப் பட்டியலில் முதலிடம் பிடிக்கிறார்கள். சர்வரில் எப்படித் தடுப்பது? (வாசகர், தாராவி)

பதில்: போன் சொல்லும் மொத்த ஸ்கோரை சர்வர் ஏற்கவே கூடாது. பந்துவாரியான ரன்களை வாங்கித் தானே கூட்ட வேண்டும். வான்கடேயில் 1985-இல் பரோடாவுக்கு எதிராக ரவி சாஸ்திரி ஆறு பந்தையும் சிக்ஸராக்கியபோது கிடைத்தது 36. நோபாலும் வைடும் இல்லாத கேமில் 96 என்று வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

34 என்று அடக்கமாகத் திருத்துபவர்தான் சிக்கல். அவருக்குக் கடிகாரம் வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது சர்வர் ஓர் எண்ணைக் கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஒரு பந்துக்குக் குறைந்தது 4 விநாடி என்றால் ஓவருக்கு 24. மூன்றாம் விநாடியில் வரும் 34 செல்லாது. போனின் கடிகாரத்தை மாற்றிவிடலாம் என்பதால் சர்வரின் நேரமே கணக்கு. நெட் மந்தமானால் நேரம் கூடுமே தவிரக் குறையாது. எனவே நேர்மையாக ஆடுபவருக்குப் பாதிப்பில்லை. ஓர் எண்ணுக்கு ஒரே ஸ்கோர்தான். மறுமுறை வந்தால் தள்ளுபடி.

24 விநாடி பொறுத்திருந்து பொய் ஸ்கோர் அனுப்புபவர் இதையும் கடந்துவிடுவார். அதற்கு, ஆறு பந்துகளையும் சர்வரே தீர்மானிக்க வேண்டும். போன், மட்டை வீசிய நொடிகளை மட்டும் அனுப்ப வேண்டும். ரன்னை சர்வர் கணக்கிட வேண்டும். அப்போது திருத்துவதற்குப் போனில் ஸ்கோரே இருக்காது. மட்டையைத் துல்லியமாக வீசும் புரோகிராம் மட்டும் இதிலும் தப்பும். எல்லாப் பந்திலும் வீச்சு நேரம் மில்லிவிநாடி பிசகாமல் ஒத்திருந்தால், அந்த ஆட்டத்தைப் பட்டியலில் ஏற்றாமல் நிறுத்தி, ஒருவர் பார்த்து முடிவு செய்வது நல்லது.