காசாளரின் பத்து நிமிட ஓய்வு: ஒரு வரிசையியல் ஆய்வு

வங்கிக் கவுன்டரின் முன் சலானும் பாஸ்புக்குமாக நிற்கும் மக்கள், காசாளர் ஒரு கணம் கையை உதறிக்கொண்டாலும் அதைப் பொதுப்பணத்துக்கு நேர்ந்த இழப்பாகக் கருதுவது வழக்கம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாடு இக்கருத்தை ஏற்பதில்லை.

ஒற்றைக் கவுன்டர் ஒன்றுக்கு மணிக்குச் சராசரியாக 20 பேர் வருகின்றனர் என்றும், ஓயாமல் வேலை செய்தால் காசாளர் மணிக்கு 24 பேரை அனுப்பிவைக்க வல்லவர் என்றும் கொள்வோம். முன்னது வருகை வீதம் (λ). பின்னது சேவை வீதம் (μ). ஆளுக்கு இரண்டரை நிமிடமே ஆவதால், மணிக்குப் பத்து நிமிடம் காசாளர் சும்மா இருப்பார். அப்படியிருக்க வரிசை ஏன் உண்டாகிறது என்றால், மூன்று நிமிடத்துக்கு ஒருவர் என்ற ஒழுங்கில் எவரும் வருவதில்லை. பத்தே காலுக்கு ஒருவரும் இல்லாமல், பத்தரைக்கு ஏழு பேர் சேர்ந்தாற்போல் வருவர். அவர்களுள் ஒருவர் கோயில் உண்டியல் சில்லறையோடு வந்திருப்பார். வருகையும் சேவை நேரமும் இவ்வாறு தற்செயலாக மாறுபடுவதாகக் கொள்ளும் எளிய மாதிரியில், கவுன்டரை அடையும்வரை காத்திருக்கும் சராசரி நேரம் λ/(μ(μ−λ)) மணி. இங்கு அது பன்னிரண்டரை நிமிடம்.

காசாளரின் ஓய்வைக் கண்டு பொறாத மேலாளர், மணிக்கு மூன்று பேரை மட்டும் கூடுதலாக இக்கவுன்டருக்குத் திருப்பிவிட்டால், ஓய்வு இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். காத்திருப்போ ஐம்பத்தேழரை நிமிடமாகும். இன்னும் ஒருவர் கூடி வருகையும் சேவையும் சமமானால், சூத்திரத்தின் கீழ்ப்பகுதி சுழியமாகி, வரிசை நிலைகொள்ளாமல் நாளெல்லாம் வளரும் போக்குடையதாகிவிடும். வீணாகத் தோன்றிய அந்தப் பத்து நிமிடமே, திடீர்க் கூட்டத்தைக் கரைக்கும் இடமாக இருந்திருக்கிறது.

“ஒரு சின்ன டவுட்டு சார்” என்று பக்கவாட்டில் நுழைந்து, தம் வேலையை முடித்துக்கொண்டு போகும் வகுப்பினரையும் இங்குக் கருத வேண்டும். நுழைபவரின் வேலை மற்றவர் வேலையைப் போன்றதே ஆயின், எல்லோருக்குமான சராசரிக் காத்திருப்பை அவர் சிறிதும் மாற்றுவதில்லை. தமக்குரிய நிமிடங்களைப் பிறர் தலையில் கட்டுகிறார், அவ்வளவே. சராசரி அவரை விடுதலை செய்தாலும், வரிசையில் நிற்பவர்கள் செய்வதில்லை என்பது வேறு செய்தி.

முதலில் கண்ட 20 பேருக்கே இரண்டாவது கவுன்டரையும் திறந்து, கவுன்டருக்கொரு வரிசையாகப் பிரித்து நிறுத்தினால், காத்திருப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறையும். ஒரே வரிசையில் நிறுத்தி, எந்தக் கவுன்டர் ஒழிகிறதோ அங்கு அனுப்பினால் அது ஏறத்தாழ அரை நிமிடமாகும். ஒரு கவுன்டர் காலியாயிருக்க, மற்றதன் முன் எவரும் நிற்க நேராததே காரணம். ஆகவே “கவுன்டர் மூடப்பட்டுள்ளது” என்ற பலகையை எடுப்பதோடு நில்லாமல், இரு வரிசைகளையும் ஒன்றாக்குமாறு கிளை மேலாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.