அணசில் துணி அடைக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் சின்ன அடுக்குமாடி வீட்டில் நாகஸ்வரம் பழகுகிறேன். அணசில் துணி அடைத்தால் சத்தம் குறையுமா?

பதில்: குறையாது. நாதம் அணசு வழியாக மட்டுமல்ல, திறந்திருக்கும் விரல்துளைகள் வழியாகவும் வெளியேறுகிறது. துணி அடைத்தால், துளைகளை எல்லாம் மூடி வாசிக்கும் கீழ் ஸ்வரம்தான் கெடும். மேல் ஸ்தாயி வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே வரிசைகளை வாயால் பாடி, ஊதாமல் விரல் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். ஊதுவதை மாலையில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அப்போது சீவாளியைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டில் பரீட்சை என்றால் கண்மாய்க்கரைக்குப் போய் முழு மூச்சில் ஊதுங்கள். மற்ற நாளில் கதவைத் தட்டி, அவர்களுக்கு ஒத்துவரும் நேரத்தைக் கேளுங்கள். மங்கல வாத்தியத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன!